கேபிளுக்குத் தெரிந்தது வேகம் மட்டுமே

27 அங்குலப் புது மானிட்டர். குறுக்கே 2560, நெடுக்கே 1440 புள்ளிகள்; நொடிக்கு 144 முறை படம் மாறும். வாங்கியவர் வீட்டில் கிடந்த பழைய டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே செருகுகிறார். 60 ஹெர்ட்ஸில் ஒரு குறையும் இல்லை. 144-க்கு ஏற்றிய பிறகும் படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. அடுத்து, வண்ண ஆழத்தை 8 பிட்டிலிருந்து 10 பிட்டுக்கு மாற்றுகிறார். உடனே திரையெங்கும் பொடிப் பொடியாகப் புள்ளிகள் மினுங்குகின்றன. அவ்வப்போது திரை முழுக்கக் கறுத்து, இரண்டு நொடி கழித்து மீண்டும் வருகிறது. 60-இல் ஓடுகிற கேபிளில் என்ன கோளாறு இருக்க முடியும், பழுது மானிட்டரில்தான் என்று முடிவுகட்டி அதைப் பெட்டியில் போட்டுக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. இந்த அறிகுறிகளுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான்.

கேபிளுக்குள் படத்தைச் சுமப்பவை நான்கு ஜோடிக் கம்பிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் லேன் என்று பெயர். நான்கும் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். அந்த வேகத்தை விருப்பம்போல் கூட்டிக் குறைக்க முடியாது. படிக்கட்டு மாதிரி நிலைகள் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வரையிலான சாதனங்களில் வழக்கமான படிகள் நான்கு: லேனுக்கு நொடிக்கு 1.62, 2.7, 5.4, 8.1 கிகாபிட். இதில் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டு முறைக்கே போய்விடும். 8 பிட் தகவலை 10 பிட்டாக மாற்றித்தான் கம்பியில் அனுப்புகிறார்கள்.

நம் மானிட்டரின் கணக்கைப் பார்ப்போம். 60 ஹெர்ட்ஸ், 8 பிட் வண்ணம் என்றால் நொடிக்குச் சுமார் 5.8 கிகாபிட் தகவல் போக வேண்டும். 2.7 என்ற படியில் நான்கு லேன்களும் சேர்ந்து 8.64 கிகாபிட் சுமக்கும்; தாராளமாகப் போதும். 144 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 14 கிகாபிட் வேண்டும், ஆகவே 5.4 படிக்கு ஏற வேண்டும். அங்கே கொள்ளளவு 17.28. அதே 144 ஹெர்ட்ஸில் 10 பிட் வண்ணம் கேட்டால் தேவை 17.6 ஆகிறது. மயிரிழையில் மீறிவிட்டது. அந்த மயிரிழைக்காக நான்கு லேன்களும் 8.1 படிக்குத் தாவ வேண்டியிருக்கிறது.

அமைப்புப் பக்கத்தில் பயனர் மாற்றியது ஒரே ஒரு சின்ன விருப்பம். கேபிளுக்கு அது ஒன்றரை மடங்கு வேகம். 60 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு. எத்தனை புள்ளி, எத்தனை ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் கேபிளுக்குத் தெரியாது. லேனில் பிட்டுகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பது ஒன்றுதான் அதற்குக் கணக்கு.

டிஜிட்டல் என்றால் படம் வந்தால் முழுசாக வரும், இல்லையேல் வராது என்று பலர் நம்புகிறார்கள். பிட்டுகள் டிஜிட்டல்தான். ஆனால் தாமிரத்தில் ஓடுவது ஏறி இறங்கும் மின்னழுத்தம். 8.1 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் சுமார் 123 பிகோநொடி, அதாவது ஒரு நொடியின் லட்சம் கோடியில் 123 பங்கு. அந்த நேரத்துக்குள் மின்குறி கம்பியில் இரண்டரை சென்டிமீட்டர் அளவே நகரும். இரண்டு மீட்டர் கேபிளுக்குள் ஒவ்வொரு லேனிலும் எந்தக் கணத்திலும் எண்பது பிட்டுகள் வரிசையில் போய்க்கொண்டிருக்கின்றன.

வேகம் கூடும்போது இழப்பும் கூடும். அதிவேக மின்னோட்டம் கம்பியின் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே ஓடும். அதனால் மெல்லிய கம்பியில் தடை அதிகம். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் காப்பும் ஒரு பகுதியை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். இரண்டுமே வேகமான ஏற்ற இறக்கங்களைத்தான் அதிகம் தின்னும். மெதுவானவற்றை அவ்வளவாகத் தொடாது. விளைவாக, செங்குத்தாக ஏற வேண்டிய மின்னழுத்தம் சோம்பலாக ஏறுகிறது, அதன் வால் அடுத்த பிட்டின் மீது படிகிறது. எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் நிதானமாகப் பேசினால் புரியும், மளமளவென்று பேசினால் ஒரு சொல்லின் முழக்கம் அடுத்த சொல்லை மூடிவிடும் அல்லவா, அதே கதைதான். செருகியின் தலையில் பற்றவைப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அங்கிருந்தும் மின்குறி திரும்பி எதிரொலிக்கும்.

இந்தச் சிக்கல் வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. படம் வருவதற்கு முன்பே கணினியின் கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் ஒரு ஒத்திகை நடத்துகின்றன. லிங்க் டிரெய்னிங் என்பது அதன் பெயர். கார்டு இருவருக்கும் தெரிந்த ஒரு பிட் வரிசையை அனுப்பும். மானிட்டர் அதைப் படித்துப் பார்த்து, தனியாக ஓடும் ஆக்ஸ் என்ற மெதுவான துணைத்தடம் வழியே, ‘இன்னும் பலமாக அனுப்பு’, ‘பிட் மாறும் தொடக்கத்தை அழுத்தி அனுப்பு’ என்று கேட்கும். இரண்டுக்கும் நான்கு நான்கு அளவுகள் உண்டு. ஒத்துவராவிட்டால் ஒரு படி கீழே இறங்கியோ லேன்களைக் குறைத்தோ மறுபடி முயலும்.

மானிட்டரின் முழு வேகம் அமைப்புப் பட்டியலில் சில சமயம் காட்டப்படாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒத்திகையிலேயே தோற்றுவிட்ட கேபிள் அது. மினுங்கலுக்குக் காரணமான கேபிள் வேறு ரகம். மில்லிநொடிகளில் முடிந்துவிடும் ஒத்திகையை அது தட்டுத் தடுமாறித் தாண்டிவிடுகிறது. பிறகு மணிக்கணக்கில் ஓடும்போது மாட்டிக்கொள்கிறது.

ஓடத் தொடங்கிய பின் பிழை நேர்ந்தால் சரிசெய்ய வழியில்லை. இணையத்தில் ஒரு கோப்பை இறக்கும்போது ஒரு துண்டு கெட்டுப்போனால் மறுபடி கேட்டு வாங்கலாம். டிஸ்ப்ளேபோர்ட்டில் அப்படி இல்லை. சுருக்கப்படாத படத்தில் பிழை திருத்தமும் கிடையாது. நூறு கோடி பிட்டுக்கு ஒன்று தப்பினாலும், 8.1 கிகாபிட் வேகத்தில் அது லேனுக்கு நொடிக்கு எட்டுப் பிழை, நான்கு லேனுக்கும் சேர்த்து முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு புள்ளியின் சிவப்பையோ பச்சையையோ நீலத்தையோ கெடுக்கும். அடுத்த படத்தில் அந்தப் புள்ளி சரியாகிவிடும், வேறொன்று கெடும். கண்ணுக்கு அது மினுங்கலாகத் தெரிகிறது. புள்ளிகள் லேன்களுக்கு முறைவைத்துப் பகிரப்படுவதால், ஒரே ஒரு லேன் மட்டும் கெட்டிருந்தால் மினுங்கல் நான்கு நெடுவரிசைக்கு ஒன்றில் மட்டுமே விழும். உருப்பெருக்கி வைத்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் இதையும் கண்டுபிடிக்கலாம்.

கறுப்பு அதற்கு அடுத்த கட்டம். பிழைகள் கூடிக்கொண்டே போனால் பிட்டுகளின் தாளத்தையே மானிட்டர் தவறவிடும். எந்தப் பிட் எந்த எழுத்தின் தொடக்கம் என்று அதற்குத் தெரியாது. உடனே கார்டுக்கு ஒரு சின்னத் துடிப்பை அனுப்பி அழைக்கும். கார்டு ஆக்ஸ் வழியே நிலைமையைப் படித்து, ஒத்திகையை முதலிலிருந்து நடத்தும். அதற்குள் திரை இருண்டுவிடுகிறது. ஒத்திகை நொடியில் முடிந்தாலும், மானிட்டர் படத்தை நிதானித்துக் காட்ட இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கோடையில், கேபிளும் கார்டும் சூடேறிய பிறகு மட்டும் இது நடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஓரத்தில் நிற்கிற இணைப்பைத் தள்ளிவிட அந்தச் சூடு போதும்.

சரி, கார்டும் மானிட்டரும் தவறு செய்யவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது. மினுங்கும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே கணினியில் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, பெரிதாக்கிப் பாருங்கள். மினுங்கல் அதில் பதிவாகியிருந்தால் கோளாறு கார்டின் நினைவகத்திலோ கணக்கிலோ இருக்கிறது, கேபிளில் அல்ல. படம் சுத்தமாக இருந்தால் பிழை அதற்குப் பிறகுதான் சேர்ந்திருக்கிறது. அடுத்து மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்துவையுங்கள். அதை வரைவது மானிட்டரின் உள்ளிருக்கும் சில்லு. அது கேபிள் வழியே வருவதில்லை. மெனு தெளிவாக நின்று அதைச் சுற்றி மட்டும் மினுங்கினால் சந்தேகம் இணைப்பின் பக்கம் திரும்புகிறது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் புள்ளி பேனலின் குறை. அதற்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லை.

லினக்ஸில் ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். நிர்வாகி உரிமையோடு இதைத் தட்டினால் இப்போதைய லேன் எண்ணிக்கையும் வேகமும் தெரியும். போர்ட்டின் பெயரும் எண்ணும் கணினிக்குக் கணினி மாறும்.

```
cat /sys/kernel/debug/dri/0/DP-1/link_settings
```

`0xa` என்றால் 2.7, `0x14` என்றால் 5.4, `0x1e` என்றால் 8.1 கிகாபிட். இதே கோப்பில் எழுதி வேகத்தை வலுக்கட்டாயமாகவும் மாற்றலாம். 60 ஹெர்ட்ஸிலேயே இருந்துகொண்டு `4 0x1e` என்று எழுதிப் பாருங்கள். நிதானமான படத்திலும் மினுங்கல் வந்துவிட்டால், குற்றம் ஹெர்ட்ஸில் இல்லை, லேன் வேகத்தில் என்பது கையும் களவுமாகப் பிடிபட்டுவிடும். ஆனால் மினுங்கல் குறைவாகத் தெரியலாம். சின்னப் படத்துக்குப் பெரிய பாதை என்பதால் பிட்டுகளில் பெரும்பகுதி வெறும் நிரப்பல். அதில் விழும் பிழை யார் கண்ணிலும் படாது. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உச்ச வேகத்திலேயே ஓடும் டிரைவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கணினியில், குறைந்த தெளிவிலும் எப்போதாவது ஒரு புள்ளி மின்னி மறையும்.

கேபிள் மாற்றும்வரை சமாளிக்க, 10 பிட்டை 8 ஆக்கினால் 5.4 படிக்கு இறங்கிவிடலாம். சில மானிட்டர்களின் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பை 1.4-இலிருந்து 1.2-க்கு மாற்றும் வசதி இருக்கும், அதுவும் 8.1 படியை மூடிவிடும்.

புதிது வாங்கும்போது உறையில் ‘1.4 கேபிள்’ என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பதிப்பு எண் என்பது சாதனங்களுக்குரியது. கேபிளுக்கு வெசா என்ற தர அமைப்பு வேறு பெயர்களில் சான்று தருகிறது: 8.1 கிகாபிட் வரை சோதித்தவற்றுக்கு டிபி8கே, அதற்கும் மேலான வேகங்களுக்கு டிபி54, டிபி80. சான்று இருந்தாலும் தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள். மேசைக்கு ஒன்றரை மீட்டர் போதுமென்றால் அதையே வாங்குங்கள். ஐந்து மீட்டர், பத்து மீட்டர் வேண்டுமென்றால் சாதாரணத் தாமிரக் கேபிளை விட்டுவிட்டு, உள்ளே மின்னணுச் சில்லு வைத்ததையோ ஒளியிழைக் கேபிளையோ தேட வேண்டும். நல்ல குட்டைக் கேபிளிலும் மினுங்கினால் கார்டின் அடுத்த போர்ட்டில் செருகிப் பாருங்கள். தேய்ந்த போர்ட்டும் இதே வேலையைச் செய்யும்.

4கே 144 ஹெர்ட்ஸ் போன்ற புது மானிட்டர்களில் இந்த அறிகுறிகளே கொஞ்சம் மாறிவிடுகின்றன. 8.1 படியும் போதாமல் படத்தைச் சுருக்கி அனுப்புகிறார்கள். சுருக்கத்தோடு பிழை திருத்தமும் கட்டாயமாகச் சேர்ந்து வருகிறது. சில்லறைப் பிழைகளை அது சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவதால் மினுங்கல் கண்ணில் படாது. திருத்தத்தின் எல்லையைத் தாண்டிய பிழை விழுந்தாலோ, ஒற்றைப் புள்ளி கெடுவதில்லை. சுருக்கிய துண்டு மொத்தமும் குலைந்து பட்டையாகவோ கட்டமாகவோ தெறிக்கும், அல்லது திரை நேராகக் கறுத்துவிடும். அந்த மானிட்டர்களில் மினுங்கலுக்காகக் காத்திராமல், முன்னறிவிப்பில்லாத முதல் கறுப்பிலேயே கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.