ஏற்றிய படத்தைத் திருத்துமா, பார்க்க மட்டும் செய்யுமா?

உரையாடல் செயலியில் ஒரு புகைப்படத்தை ஏற்றி, "பின்னால் நிற்பவரை எடுத்துவிடு" என்று எழுதினால் மூன்றில் ஒன்று நடக்கும். செயலி படத்தைப் பார்த்துவிட்டுப் பதிலை எழுத்தில் மட்டும் சொல்லும். அல்லது சிறு நிரல் ஒன்றை எழுதி ஓட்டி, அதே படத்தை வெட்டியோ சுருக்கியோ தரும். அல்லது அந்தப் படத்தைப் பார்த்து வேறொரு படத்தைப் புதிதாக வரைந்து தரும். மூன்றுக்கும் கேட்கும் இடம் ஒன்றே என்பதால், எது நடந்தது என்று பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் பார்ப்பது. ஏற்றிய படம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் ஓர் எண் வரிசையாக மாறுகிறது. படம் பெரிதாக இருந்தால் அதற்கு முன்பே சுருக்கப்படும். தூரத்துப் பலகையில் உள்ள பொடி எழுத்தைச் செயலி தவறாகப் படிப்பதற்கு இது ஒரு காரணம். மொழி மாதிரி அந்த எண்களைப் படித்துச் சொற்களாகப் பதில் தருகிறது. சொற்களிலிருந்து மீண்டும் படத்துக்குத் திரும்பும் வழி இந்த அமைப்பில் கிடையாது. 2023 செப்டம்பரில் சாட்ஜிபிடிக்குக் கிடைத்த பார்வை இந்த வகைதான். படம் எங்கே இருண்டிருக்கிறது, அடிவானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதை வெட்டினால் நன்றாக இருக்கும் என்றெல்லாம் அது சொல்லும். ஒரு பிக்சலைக்கூடத் தொடாது. ஆனால் "திருத்திவிட்டேன்" என்று எழுதுவதற்கு அதற்குத் தடையில்லை. மொழி மாதிரி இயல்பான பதில் போலத் தோன்றுவதை எழுதும். அந்த வேலை நடந்ததா என்பது தனி விஷயம். புதிய படமோ, பதிவிறக்கும் இணைப்போ பதிலோடு வரவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அடுத்த மாதமே, 2023 அக்டோபரில், டால்-ஈ 3 என்ற வரையும் கருவி சாட்ஜிபிடிக்குள் வந்தது. பெரிய ஏமாற்றங்கள் அப்போதுதான் தொடங்கின. பார்ப்பது ஒரு பகுதி, வரைவது இன்னொரு பகுதி. இரண்டுக்கும் நடுவே போனது வெறும் சொற்கள். "நீலச் சட்டை அணிந்த, மீசை வைத்த நடுவயது ஆண்" என்று முதல் பகுதி எழுதிக் கொடுக்க, இரண்டாவது பகுதி மூலப் படத்தைப் பார்க்காமலே ஒருவரை வரைந்தது. மீசையும் சட்டையும் சரியாக இருக்கும், முகம் அந்நியருடையதாக இருக்கும். சாட்சி சொல்லக் கேட்டுக் காவல்துறை ஓவியர் வரையும் முகத்தைப் போன்றது அது.

2025இல் நிலைமை மாறியது. மார்ச்சில் சாட்ஜிபிடியின் 4ஓ மாதிரியும், ஆகஸ்டில் 'நானோ பனானா' என்ற செல்லப்பெயரோடு வந்த கூகுளின் ஜெமினி 2.5 ஃபிளாஷ் இமேஜும் ஏற்றிய படத்தையே நேரடியாக உள்வாங்கிக்கொண்டு புதிய படத்தை உருவாக்கின. மார்ச்சில் உலகம் முழுக்கக் குடும்பப் படங்கள் ஜிப்லி பாணிக்கு மாறியது இதனால்தான். சாயல் இப்போது பெருமளவு தங்குகிறது. இருந்தும், செயலி கேட்ட இடத்தை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை அப்படியே விடுகிறது என்று நினைக்கக் கூடாது. அது முழுப் படத்தையும் மறுபடி வரைகிறது. மாற்ற வேண்டிய பகுதியை விரலால் தேய்த்துக் காட்டும் வசதி சாட்ஜிபிடியில் உண்டு. அந்தக் குறியையும் அது கறாரான எல்லையாக எடுத்துக்கொள்வதில்லை, வழிகாட்டியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இதை டச்சப் என்று அழைப்பதே சற்றுத் தாராளம்.

ஒரு பழைய திருமணப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளை, ஓரத்தில் ஈரக்கறை, மடித்து வைத்ததால் மணமகளின் இடது கண் வழியாக ஒரு விரிசல். ஸ்கேன் செய்தபோது 3000க்கு 2000 பிக்சல். "கறையையும் விரிசலையும் நீக்கு, வேறு எதையும் மாற்றாதே" என்று கேட்டால், அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ பளிச்சென்று ஒரு படம் வரும். வீட்டில் எல்லோருக்கும் முதல் பார்வையில் பிடித்துப்போகும். மூலத்தையும் அதையும் ஒரே அளவில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் மற்றது தெரியும். விரிசலுக்கு அடியில் இருந்த கண் படத்தில் அழிந்துவிட்டது. அங்கே இப்போது இருப்பது மாதிரி ஊகித்த கண். அது எதிர்பார்த்ததே. ஆனால் விரிசல் போகாத வலது கண்ணின் இமையும் சற்று மாறியிருக்கலாம், கன்னத்து மச்சம் கறையோடு சேர்ந்து போயிருக்கலாம், புடவைக் கரையின் வேலைப்பாடு வேறாகியிருக்கலாம். பின்சுவரில் தொங்கும் காலண்டரின் தமிழ் எழுத்துகள் எழுத்துப் போலத் தெரியும், படிக்க வராது. அளவும் குறையும்: அந்த ஆண்டு வந்த சாட்ஜிபிடியின் கருவி தந்த பெரிய படமே 1536க்கு 1024தான்.

கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றால் இதில் குற்றமில்லை. பாட்டியின் ஒரே படம் என்றால் ஸ்கேன் செய்த மூலத்தைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, முகத்துக்கு வெளியே உள்ள கறைகளை ஸ்னாப்சீடின் Healing போன்ற கருவியால் கையாலேயே துடைப்பது மேல். அது பக்கத்துப் பகுதியை வைத்துக் கறை விழுந்த இடத்தை மட்டும் நிரப்பும். தொடாத இடம் தொடாததாகவே இருக்கும்.

நிரல் ஓட்டும் வழி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் நம்பகமானது. சில செயலிகள் தமக்குள்ளேயே பைத்தான் நிரலை ஓட்டும். அதில் பில்லோ என்ற படத் தொகுப்பு இருந்தால் வெட்டுவது, திருப்புவது, அளவு மாற்றுவது, வெளிச்சம் கூட்டுவது ஆகியவற்றைக் கணக்காகச் செய்யும். வங்கித் தேர்வுக்கு ஐபிபிஎஸ் கேட்கும் படம் இதற்குப் பொருத்தமான வேலை: 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. இப்படிக் கேட்கும்போது, "நிரல் வழியாகச் செய், புதிதாக வரையாதே, நீள அகல விகிதம் கெடாமல் வெட்டு" என்று சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் முகம் நசுங்கி வரலாம். வழக்கமான தொல்லைகள் இரண்டு. கைபேசிப் படம் பக்கவாட்டில் சாய்ந்து வரும். எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பு கோப்போடு தனியே இருப்பதை நிரல் படிக்காமல் விட்டதே காரணம். அளவு சிறிதாகும்போது கோப்பு 20 கேபிக்குக் கீழேயும் போகும். ஜேபெக் தரத்தை உயர்த்திச் சேமிக்கச் சொன்னால் கூடும். பின்னால் நிற்பவரை நீக்கும் வேலை இந்த வழியில் ஒப்பேறாது. அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

அடையாள ஆவணத்துக்கான படத்தை வரையும் வழியில் விடவே கூடாது. மறுபடி வரைந்த முகம், எவ்வளவு ஒத்திருந்தாலும், கேமரா பதிந்த முகம் ஆகாது. கூகுள் தன் மாதிரிகள் உருவாக்கும் படங்களின் பிக்சல்களுக்குள்ளேயே சின்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைப் பதிக்கிறது. சாட்ஜிபிடி கோப்போடு சி2பிஏ என்ற பிறப்புக் குறிப்பை இணைக்கிறது; ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இந்த இரண்டாவது குறிப்பு போய்விடும் என்பதால், குறிப்பு இல்லாத படமெல்லாம் மூலப் படம் என்று சொல்ல முடியாது.

எந்த வழியில் வேலை நடந்தது என்பதை வந்த கோப்பின் விவரத்தைத் திறந்தே ஓரளவு ஊகிக்கலாம். 4000க்கு 3000 பிக்சலில் கொடுத்த படம், வெட்டச் சொல்லாமலே வேறு அளவிலும் வேறு விகிதத்திலும் திரும்பினால், எடுத்த தேதியும் கேமரா விவரமும் காணாமல் போயிருந்தால், அது பெரும்பாலும் வரைந்த படம். விவரங்கள் நிரல் வழியிலும் சில நேரம் உதிரும். அப்போது காதின் வடிவம், மச்சம், சட்டைப் பொத்தான், பலகை எழுத்து ஆகியவற்றைப் பெரிதாக்கி மூலத்தோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும்.