‘எங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க’

மேட்ரிமோனி தளங்களில் ‘குடும்ப வகை’ என்றொரு கட்டம் உண்டு. கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்று அதில் குறிக்க வேண்டும். அது இன்றைய நிலவரத்தை மட்டுமே சொல்லும். கல்யாணத்துக்குப் பிறகு யார் யாருடன் இருப்பார்கள் என்பது, எண்கள் கைமாறியபின் நடக்கும் வாட்ஸ்அப் பேச்சில்தான் தெரியவரும்.

கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கும் பெண், சென்னையில் வங்கி வேலையில் இருக்கும் மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன். உங்களுக்கு ஓகேவா?”

“தாராளமா போங்க. எங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

கேட்டது அவரை, பதில் சொன்னது வீடு. இதனால் அவர் கெட்டவர் ஆகிவிடமாட்டார். ஆனால் அனுமதி வீட்டார் கையில் இருக்கிறது என்றால், அவர்கள் மனம் மாறும் நாளில் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பது இன்னும் தெரியவில்லை. அந்தப் பெண் அடுத்துக் கேட்பது நல்ல கேள்வி: “வாரத்துல மூணு நாள் ராத்திரி பத்து மணி வரைக்கும் கால் இருக்கும். அன்னிக்குச் சமையல்?”

“அம்மா பாத்துப்பாங்க.”

அம்மாவுக்கு மூட்டுவலி என்று முந்தின நாள்தான் அவரே எழுதியிருந்தார். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடங்களை. வேலைக்குப் போகலாம் என்ற சம்மதத்துக்குள் இந்த 289 நிமிடங்களுக்கான பதில் இல்லை. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

பெற்றோர் விஷயத்தில் அவர் மழுப்பவில்லை. “நான் ஒரே பையன். அப்பா அம்மாவ விட்டு வர முடியாது.” இப்படி முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. தகுந்த காரணமின்றிக் கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கத் தொடர்ந்து முயல்வது கொடுமை என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில் சொன்னது. இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டால் அது நீதிமன்றம் வரைக்கும் போகக்கூடும்.

“நானும் ஒரே பொண்ணு. எங்கப்பாவுக்கு முடியலைன்னா நம்மகூட வந்து இருக்கலாமா?”

இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு, “அப்பப் பாத்துக்கலாமே.”

தாமதத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வங்கியில் கூட்டமாக இருந்திருக்கலாம். அடுத்த நாள் வந்ததுதான் முக்கியம்: “அம்மாகிட்ட பேசினேன். வீட்ல ரெண்டு ரூம்தான். அவங்களுக்குப் பக்கத்துத் தெருவுல வீடு பாக்கலாம். எனக்குத் தோசை மட்டும்தான் வரும், மூணு நாளைக்குச் சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாமா?” அறை, தெரு, ஆள் என்று பேச்சு இறங்கிவிட்டது. அதிலும் இப்போது ‘நான்’ வந்துவிட்டது.

பெண் பக்கமும் ஒன்று பாக்கி. “சென்னைக்கு டிரான்ஸ்ஃபர் கிடைக்குமா?” என்று அவர் கேட்டதற்கு, “கேட்டுச் சொல்றேன்” என்று மட்டும் எழுதியிருக்கிறார். மேலாளரிடம் எப்போது கேட்பார், கிடைக்காவிட்டால் வேலையை விடுவாரா, வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா என்பதை நிச்சயதார்த்தத் தேதி குறிக்கும் முன் அவர் எழுதிவிட வேண்டும்.