தண்ணீருக்குள் ஒடியும் ஸ்ட்ரா

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்ட்ராவைச் சாய்த்து வைத்து மேலிருந்து பார்த்தால், நீர்மட்டத்தில் அது மடங்கியதுபோல் தெரியும். எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பலரும் கவனிப்பதில்லை. நீருக்குள் இருக்கும் பகுதி எப்போதும் மேல்நோக்கித்தான் தூக்கிக்கொள்ளும். விடைக்கான துப்பு அதில்தான் இருக்கிறது.

ஒளி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. தண்ணீரில் அந்த வேகம் சுமார் 2.25 லட்சமாகக் குறைந்துவிடும். சேற்றிலிருந்து சாய்வாகத் தார்ச்சாலைக்கு ஏறும் மாட்டுவண்டியில், முதலில் சாலையைத் தொடும் சக்கரம் வேகமாக உருள, வண்டி மறுபக்கமாகத் திரும்பும். நீரிலிருந்து சாய்வாக வெளியேறும் ஒளிக்கும் இதே கதிதான்: முதலில் காற்றைத் தொடும் ஓரம் முந்திப் போக, கதிர் திசை மாறுகிறது. இதுதான் ஒளிவிலகல். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து வரும் கதிர், வெளியே வந்ததும் சுமார் 42 பாகை சாய்ந்துவிடும். நேர் செங்குத்தாக வரும் கதிரோ திரும்புவதே இல்லை.

இந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியாது. வந்து சேர்ந்த கதிர் நேர்கோட்டில்தான் வந்தது என்று கண்ணும் மூளையும் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கோட்டை அப்படியே பின்னோக்கி நீட்டிப் பார்ப்பதால், ஸ்ட்ராவின் நுனி உண்மையான இடத்தைவிட மேலே தெரிகிறது.

எவ்வளவு மேலே? ஏறக்குறைய நேர் மேலிருந்து பார்த்தால், ஆழம் முக்கால்வாசியாகத் தெரியும். 12 செ.மீ. ஆழத்தில் இருக்கும் நுனி 9 செ.மீ.யில் இருப்பதுபோலவும், 4 செ.மீ. ஆழத்தில் உள்ள இடம் 3 செ.மீ.யில் இருப்பதுபோலவும் தோன்றும். நீர்மட்டத்தில் ஆழமே இல்லை. அதனால் உயர்வும் இல்லை. ஆகவே வளையாமல், அந்த ஒரே இடத்தில் பளிச்சென்று மடங்குகிறது. ஸ்ட்ராவைச் செங்குத்தாக நிறுத்தினால் மடிப்பு மறைந்து, குட்டையாக மட்டும் தெரியும். சாய்வாகக் குனிந்து பார்க்கப் பார்க்க நுனி இன்னும் மேலே ஏறும்.

டம்ளரின் பக்கவாட்டில் இருந்து பார்ப்பது வேறு கதை. பாடப்புத்தகப் படங்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிடுவதும் உண்டு. இங்கே ஒளி வெளியேறுவது நீர்ப்பரப்பு வழியாக அல்ல, டம்ளரின் வளைந்த சுவர் வழியாக. உருண்டை டம்ளர் நீரோடு சேர்ந்து ஒரு பூதக்கண்ணாடியாகிவிடுகிறது. மையத்திலிருந்து 1 செ.மீ. இடப்பக்கம் நிற்கும் ஸ்ட்ராவின் நீருக்குள் இருக்கும் பகுதி, தள்ளி நின்று பார்ப்பவருக்குச் சுமார் 1.3 செ.மீ. தள்ளித் தெரியும். மேல்பாதி அதே இடத்தில் நிற்க, கீழ்ப்பாதி நகர்ந்துவிடுவதால் துண்டாக ஒடிந்ததுபோல் ஆகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஸ்ட்ராவைச் செங்குத்தாகப் பிடித்து, டம்ளரின் நட்டநடுவுக்கு மெல்ல நகர்த்தினால் முறிவு குறைந்துகொண்டே வந்து ஒட்டிக்கொள்ளும். மையத்திலிருந்து வரும் கதிர்கள் சுவரைச் செங்குத்தாகக் கடப்பதே காரணம். ஆனால் கீழ்ப்பாதியின் தடிமன் மட்டும் மூன்றில் ஒரு பங்கு பெருத்தே தெரியும்.