ஐந்து கோலிகளும் ஒரு விடைக்குறிப்பும்

வகுப்பறைக்குள்ளே – 14

சென்ற வாரம் ஜே.பி. கில்ஃபோர்டைப் பற்றிப் பார்த்தோம். ஒரே விடையை நோக்கிக் குவிகிற சிந்தனை வேறு, ஒரு கேள்வியிலிருந்து பல திசைகளில் விரிகிற சிந்தனை வேறு என்று பிரித்துக் காட்டிய உளவியலாளர் அவர். விரிசிந்தனை என்றதும் நமக்கு ஓவியமும் கவிதையும்தான் நினைவுக்கு வருகின்றன. அது அதிகம் நசுங்குவது கணக்கு வகுப்பில்தான் என்பது என் எண்ணம். அதனால் இந்த வாரம் ஒரு கணக்கு.

ஜப்பானில் 1971 முதல் 1976 வரை ஷிமாதா ஷிகெரு என்ற கணிதக் கல்வியாளரும் அவருடைய குழுவினரும், சரியான விடைகள் பல உள்ள கணக்குகளை உருவாக்கி வகுப்புகளில் ஆராய்ந்தார்கள். 1977இல் அது நூலாக வந்தது. அவற்றில் புகழ்பெற்றது கோலிக் கணக்கு. மூன்று பேர் ஆளுக்கு ஐந்து கோலிகளை வீசுகிறார்கள். யாருடைய கோலிகள் குறைவாகச் சிதறியிருக்கின்றனவோ அவருக்கு வெற்றி. மூன்று படங்களையும் கொடுத்துவிட்டு, சிதறலை எண்ணால் அளக்க எத்தனை வழிகள் தோன்றுகின்றனவோ அத்தனையையும் எழுதச் சொல்வார்கள். சூத்திரம் எதுவும் தருவதில்லை.

ஒரு மாணவி வெளிக் கோலிகளைக் கோட்டால் இணைத்துப் பரப்பளவு காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு கோலிகள், நடுவில் ஒன்று. பரப்பளவு 100 சதுர செ.மீ. நல்ல வழிதான். ஆனால் ஐந்தும் ஒரே நேர்கோட்டில் 40 செ.மீ. நீளத்துக்குப் பரவிக் கிடந்தால் பரப்பளவு பூஜ்யம். சிதறலே இல்லை என்கிறது எண். கண் அதை ஒப்புக்கொள்ளாது.

இன்னொருவன் மிகத் தொலைவில் உள்ள இரண்டு கோலிகளுக்கு இடையிலான தூரத்தை எடுக்கிறான். நேர்கோட்டுச் சிக்கல் தீர்ந்தது. சதுரத்துக்கு மூலைவிட்டம், ஏறத்தாழ 14 செ.மீ. அப்படியானால் நான்கு கோலிகள் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்து, ஐந்தாவது மட்டும் 14 செ.மீ. தள்ளி உருண்டிருந்தால்? அதற்கும் அதே 14தான். பார்த்தாலே தெரிகிறது, இரண்டும் ஒரே அளவு சிதறல் அல்ல. இப்போது யாராவது எல்லா இணைகளின் தூரத்தையும் கூட்டலாமே என்பார்கள். ஐந்து கோலிகளுக்குப் பத்து இணைகள். சதுரத்துக்குக் கூட்டுத்தொகை 97ஐ நெருங்குகிறது, ஒட்டிக்கிடப்பதற்கு 56 அளவில் நிற்கிறது. வித்தியாசம் எண்ணிலேயே வந்துவிட்டது.

நம் பத்தாம் வகுப்பில் வீச்சும் திட்ட விலக்கமும் வருகின்றன. அந்தப் பையன் எடுத்த தூரம் வீச்சின் உறவுதான். ஒரு விளிம்புக் கோலி மொத்தக் கணக்கையும் இழுத்துவிடுவதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். வீச்சு போதாதபோது வேறு அளவை ஏன் வேண்டியிருக்கிறது என்பதை இனி யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூத்திரத்தை முதலில் கொடுத்து, படிக்கு ஒரு மதிப்பெண் என்று திருத்தும்போது இந்தத் தேவை மாணவரின் மனதில் எழுவதே இல்லை. பரப்பளவு கண்ட மாணவியின் வழி விடைக்குறிப்பில் இருக்காது. திருத்துபவர் நல்லவராகவே இருந்தாலும் அதற்கு மதிப்பெண் போட அவருக்கு இடமில்லை.

மதிப்பெண் என்ன செய்கிறது என்பதை இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் சோதித்து 1988இல் வெளியிட்டார். மாணவர்கள் செய்த பணிகளில் விரிசிந்தனைப் பணியும் இருந்தது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒன்றுக்கு எழுத்தில் கருத்து மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை மேம்பட்டார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்த ஆய்வின்படி, எண் பக்கத்தில் இருந்தால் கருத்து வேலை செய்வதில்லை. பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி, மேலே ஒரு 6/10 போடும் ஆசிரியர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு உழைப்பும் வீண்.

விடைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் வேறொரு கெடுதல் வரும். சுற்றளவைச் செ.மீட்டரில் ஒன்று, மி.மீட்டரில் ஒன்று என்று இரண்டாக எழுதிவிடுவார்கள். அதனால்தான் எத்தனை விடை என்பதோடு, எத்தனை வகை, எவ்வளவு அபூர்வம் என்றும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. பரப்பு சார்ந்தவை ஒரு வகை, நீளம் சார்ந்தவை ஒரு வகை, வட்டத்தால் மூடிப் பார்ப்பது இன்னொன்று. கரும்பலகையில் அப்படிப் பிரித்து எழுதினாலே வகுப்புக்கு விளங்கிவிடும்.

இதற்கு ஒரு முழுப் பாடவேளை போய்விடும். பரப்பளவும் தூரமும் கணக்கிடத் தெரியாத வகுப்பில் இது நடக்கவும் நடக்காது. வழக்கமான பாடங்களை விட்டுவிட முடியாது, ஓர் அலகுக்கு ஒரு வேளை ஒதுக்கினால் போதும். அன்றைக்கு மட்டும் நோட்டில் எண் வேண்டாம். பரப்பளவு மாணவிக்கு ‘ஐந்தும் ஒரே கோட்டில் விழுந்தால் உன் எண் என்ன சொல்லும்?’ என்று ஒரு வரி எழுதி, நோட்டைத் திருப்பிக் கொடுக்கலாம்.

(தொடரும்)