படம் பழகுவோம் – 17: சாய்ந்த கடலை நிமிர்த்தும்போது

சென்ற வாரம் லென்ஸ் வளைவைச் சரிசெய்தோம். அடிவானம் வில்லாக வளைந்திருந்தால் எந்தக் கோட்டைப் பிடித்து நிமிர்த்துவது என்றே தெரியாது. அதனால்தான் அந்த வேலை முதலில். இந்த வாரம் சாய்வு.

6000-க்கு 4000 பிக்சலில் ஒரு கடற்கரைப் படம். அடிவானம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஓடுகிறது. அதன் வலது முனை 2 டிகிரி தூக்கலாக நிற்கிறது. படத்தின் நடு உயரத்தில், வலது ஓரத்தை நெருங்கியபடி ஒரு படகின் மூக்கு. நிமிர்த்திவிட்டு அதே விகிதத்தில் வெட்டினால் சுமார் 5700-க்கு 3800 மிஞ்சும். பரப்பில் பத்தில் ஒரு பங்கோடு படகின் மூக்கும் போய்விடும். அதனால் வெட்டாமல் நிரப்பப் பார்ப்போம்.

போட்டோஷாப்பில் Ruler Tool எடுத்து, அடிவானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு இழுத்து Straighten Layer கொடுங்கள். கரையோரக் கோட்டை நம்பாதீர்கள். கரை உண்மையிலேயே சரிவாகப் போகலாம். படம் வலஞ்சுழியாகத் திரும்பி, மூலைக்கு ஒன்றாக நான்கு ஒல்லியான முக்கோண வெற்றிடங்கள் தெரியும். மேல் வலது, கீழ் இடது முக்கோணங்கள் தடித்த முனையில் ஏறத்தாழ 100 பிக்சல். பக்கவாட்டில் இருப்பவை 70.

இதில் இடது ஓரத்து முக்கோணம்தான் ஆபத்தானது. அது படத்தின் நடு உயரத்தில் தொடங்கி மேலே போவதால் அடிவானத்தைக் குறுக்கே வெட்டுகிறது. அந்த இடத்தில் அகலம் 23 பிக்சல்தான்; ஆனாலும் நிரப்பி உருவாக்கிய கடல்கோடு உண்மையான கோட்டோடு ஒரு படி ஏறியோ இறங்கியோ நிற்கக்கூடும். கண் உடனே அங்கே போகும். எனவே இடது ஓரத்தில் 30 பிக்சலை வெட்டிவிடுங்கள். அடிவானம் முழுக்க அசலாகவே இருக்கும். நிரப்பு வேலை வானத்துக்கும் மணலுக்கும் மட்டும்.

லேயர் படத்தை Ctrl அழுத்திக் கிளிக் செய்து, தேர்வைத் தலைகீழாக்கி, Select > Modify > Expand வழியாக 4 பிக்சல் விரியுங்கள். திருப்பிய விளிம்பில் பாதி ஒளிபுகும் பிக்சல்கள் இருக்கும். விரிக்காவிட்டால் மெல்லிய கோடு ஒன்று எஞ்சிவிடும். பிறகு ஒவ்வொரு மூலையாகத் தேர்ந்தெடுத்து Edit > Content-Aware Fill. பச்சையாகத் தெரிவதுதான் மாதிரி எடுக்கும் இடம். வான மூலைக்கு வானத்தை மட்டும் விட்டு, கடலையும் கரையையும் அழித்துவிடுங்கள். மணல் மூலைக்கு, படகும் ஆட்களும் இல்லாத மணல் மட்டும். Rotation Adaptation-ஐ None-இல் வைத்தால் மணலின் அலைவரிகள் திசை மாறாது. Output To: New Layer கொடுத்தால் அசல் அப்படியே இருக்கும்.

முடித்ததும் 100% பெரிதாக்கி மணலைப் பாருங்கள். ஒரே காலடித்தடம் இரண்டு இடத்தில் தெரிந்தால், அதை மாதிரியிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

செய்திப் படத்தில் இந்த வேலை கூடாது. படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது அசோசியேட்டட் பிரஸ்ஸின் விதி. அங்கே நிமிர்த்தி வெட்டுவது மட்டும்தான் வழி, படகின் மூக்கு போனாலும்.