அறுந்த இணைப்பும் நாற்பது நொடியும்

ஏ, பி, சி என்று மூன்று ரவுட்டர்கள் முக்கோணமாக இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏ–பி, பி–சி இணைப்புகளுக்குச் செலவு தலா 1. ஏ–சி நேர் இணைப்பு மெதுவானது. அதற்குச் செலவு 10. எனவே ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் தரவு பி வழியாக, 2 செலவில் போகிறது. இப்போது பி–சி கேபிள் அறுந்துவிடுகிறது.

ரிப் போன்ற டிஸ்டன்ஸ் வெக்டர் முறையில் எந்த ரவுட்டருக்கும் முழு வலைப்பின்னல் தெரியாது. பக்கத்து ரவுட்டர் சொல்லும் தூரத்தை அப்படியே நம்பி, தன் பங்கைக் கூட்டிக்கொள்ளும். "சி-க்கு என்னிடமிருந்து 2" என்கிறது ஏ. அந்த வழியே தன்னைத் தொட்டுத்தான் போகிறது என்பது பி-க்குத் தெரியாது. 3 என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு ஏ 4 என்கிறது, பி 5 என்கிறது. இப்படி ஏறி ஏறி 10-ஐத் தொடும்போதுதான் ஏ-வுக்கு நேர் இணைப்பின் நினைவே வருகிறது. அதுவரை தரவு இரண்டுக்கும் நடுவே பந்தாடப்படும். நேர் இணைப்பும் இல்லாவிட்டால், ரிப் 16-ஐ எட்டிய பிறகே 'போக வழியில்லை' என்று கைவிடும். கற்ற வழியைக் கற்றுத் தந்தவரிடமே திருப்பிச் சொல்லாதே என்றொரு விதி பின்னர் வந்தது. இரண்டு ரவுட்டர்களுக்கு இடையிலான சுழலை அது தடுக்கும்; பெரிய சுழல்களை முழுதாகத் தடுக்காது.

ஓஎஸ்பிஎஃப் லிங்க் ஸ்டேட் வகையைச் சேர்ந்தது. இதில் ரவுட்டர்கள் தூரத்தைச் சொல்வதில்லை. 'என்னோடு நேராக இணைந்திருப்பவர் இன்னார், செலவு இவ்வளவு' என்பதை மட்டும் அறிவிக்கும். அந்த அறிவிப்பு கைமாறிக் கைமாறி எல்லோரையும் அடையும். ஆகவே எல்லோர் கையிலும் ஒரே வரைபடம். குறுக்கு வழியை அவரவரே டைக்ஸ்ட்ரா முறையில் கணக்கிட்டுக்கொள்வார்கள். பி–சி அறுந்ததும், அந்த இணைப்பை நீக்கிய புதிய அறிவிப்பை பி வெளியிடும். பழையதோடு குழம்பாமலிருக்க அதில் வரிசை எண் ஒன்று கூடியிருக்கும். சி-யின் அறிவிப்பு தாமதமானாலும் பாதகமில்லை: இரு முனையும் ஒப்புக்கொள்ளாத இணைப்பைக் கணக்கு சேர்த்துக்கொள்ளாது. ஏ உடனே 10-க்கும், பி ஏ வழியாக 11-க்கும் மாறிவிடும்.

அறிவிப்பும் கணக்கும் வேகமானவை. நேரத்தைத் தின்பது, இணைப்பு போனதைக் கண்டுபிடிப்பதுதான். கேபிள் நேராகச் செருகியிருந்தால் சிக்னல் அற்றதுமே தெரிந்துவிடும். நடுவே ஒரு சுவிட்ச் இருந்தாலோ, மறுபக்கம் அறுந்தாலும் இந்தப் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அப்போது நம்பியிருப்பது ஹலோ செய்தியை மட்டுமே: ஈதர்நெட்டில் வழக்கமான அமைப்பில் 10 நொடிக்கு ஒன்று, 40 நொடி வராவிட்டால் இணைப்பு செத்ததாகக் கணக்கு. அந்த 40 நொடியும் தரவு பாழுங்கிணற்றில் விழுந்துகொண்டிருக்கும். சிஸ்கோ ரவுட்டரின் பதிவில் `Dead timer expired` என்று கண்டால் நடந்தது இதுதான். பிஎஃப்டி என்ற துணை நெறிமுறையை 50 மில்லி நொடி இடைவெளியில் ஓடவிட்டு, மூன்று தவறினால் அறிவி என்று அமைத்தால், கண்டுபிடிப்பு 150 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும்.

அப்போதும் ஒரு சிறு சிக்கல் மிஞ்சும். பி முதலில் கணக்கை முடித்துத் தரவை ஏ-வுக்கு அனுப்ப, ஏ இன்னும் பழைய வழியிலேயே அதைத் திருப்பி அனுப்பலாம். எண்கள் ஏற வேண்டிய அவசியம் இங்கே இல்லாததால், ஏ தன் கணக்கை முடித்ததும் அந்தப் பந்தாட்டம் நின்றுவிடும்.