எண்பதைத் தாண்டினால் விற்க வேண்டுமா?

2020 நவம்பர் 10 அன்று நிஃப்டி ஏறக்குறைய 12,631 புள்ளிகளில் முடிந்தது. அன்று ஸ்டாக்காஸ்டிக் காட்டிய அளவு 99-ஐ ஒட்டி இருந்தது. எண்பதுக்கு மேல் போனாலே ‘ஓவர்பாட்’, அதாவது அளவுக்கு மீறி வாங்கப்பட்ட நிலை, விற்றுவிடு என்று படித்தவர்களுக்கு அதைவிடத் தெளிவான உத்தரவு கிடைத்திருக்காது. விற்றவர்களும் இருந்திருப்பார்கள். டிசம்பர் 31 அன்று நிஃப்டி 13,981-ல் நின்றது.

இந்த 99 எப்படி வருகிறது என்று பார்த்தால், அது விற்கச் சொல்லவே இல்லை என்பது புரியும். ஸ்டாக்காஸ்டிக்கைப் பரப்பியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் லேன். 1950-களில் சிகாகோவில் உருவான முறை இது. கடந்த 14 வர்த்தக நாட்களில் விலை தொட்ட உச்சத்தையும் அடியையும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைய முடிவு விலை அந்த இடைவெளியில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்கிறார்கள். கணக்கு அவ்வளவுதான். திரையில் இது %K என்று தெரியும். அதன் மூன்று நாள் சராசரி %D.

நிஃப்டிக்கு அன்று பதினான்கு நாள் அடி சுமார் 11,535, உச்சம் சுமார் 12,644. இடைவெளி 1,109 புள்ளிகள். முடிவு விலை அடியிலிருந்து 1,096 புள்ளிகள் மேலே. வகுத்தால் 98.8. இந்த எண்ணுக்குள் நிறுவனங்களின் லாபம் இல்லை, விலை மலிவா அதிகமா என்ற கேள்வியும் இல்லை. அண்மைக்கால எல்லைக்குள் விலை உச்சியை ஒட்டி முடிந்தது என்ற ஒரே செய்திதான் இருக்கிறது. நாள் முடிவில்கூட வாங்குபவர்கள் பின்வாங்கவில்லை என்று அதைப் படிப்பதே பொருத்தம். அந்த நவம்பரில் தடுப்பூசிச் செய்தி வந்திருந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளில் 60,000 கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுவந்து போட்டார்கள். அவர்கள் யாரும் எண்பதைப் பார்த்துக் கையை மடக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எண்பது என்பது அசையாத கோடு, ஆனால் அளக்கப்படும் எல்லை தினமும் நகர்கிறது. ஒரு பங்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் முடிவு விலைக்கு இரண்டு ரூபாய் கீழேயும் ஐம்பது பைசா மேலேயும் அலைகிறது. பதினான்கு நாளின் அடி இன்றைய விலைக்கு 15 ரூபாய் கீழே, உச்சம் 50 பைசா மேலே. அளவு 97 வரும். நாளையும் 97, அடுத்த மாதமும் 97. பழைய அடிகள் கணக்கிலிருந்து விழுந்துகொண்டே இருப்பதால், ஏற்றம் சீராக இருக்கும்வரை எண் கீழே இறங்க வழியே இல்லை. சார்ட்டில் கோடு மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டு கிடப்பது இதனால்தான்.

சரி, எண்பதுக்குக் கீழே இறங்கும்போதாவது விற்கலாமா? மேற்சொன்ன பங்கு மூன்று ரூபாய் சறுக்கினாலே அது நடந்துவிடும். %K கோடு %D-ஐக் கீழ்நோக்கி வெட்டுவது அதைவிட மலிவு. ஏற்றம் ஒரு நாள் மூச்சு வாங்கினாலே போதும். இப்படி விற்றுவிட்டு, மறுபடி அதிக விலையில் வாங்கி, தரகுக் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் ஏராளம்.

2020 டிசம்பர் 21 இதற்கு நல்ல பாடம். பிரிட்டனில் புதிய வகைக் கொரோனா என்ற செய்தியில் நிஃப்டி ஒரே நாளில் 430 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. ஸ்டாக்காஸ்டிக் ஐம்பதுக்குக் கீழே வந்தது. ஆனால் இருபதைத் தொடவில்லை. அடுத்த சில நாட்களிலேயே இழந்ததை நிஃப்டி பெரும்பாலும் மீட்டது. வலுவான ஏற்றத்தில் அளவு இருபது வரை இறங்கும், அப்போது வாங்கலாம் என்று காத்திருப்பவருக்கும் இதே ஏமாற்றம்தான். ஆகவே அனுபவமுள்ள டிரேடர்கள் முதலில் போக்கைப் பார்க்கிறார்கள்: விலை 50 நாள் சராசரிக்கு மேல் இருக்கிறதா, சராசரியும் ஏறுகிறதா, ஒவ்வொரு இறக்கத்தின் அடியும் முந்தையதைவிட உயரமா? மூன்றுக்கும் ஆம் என்றால், நாற்பது, ஐம்பது வரை வந்து திரும்புவதை வாங்கும் இடமாகக் கருதுகிறார்கள். விலை இரண்டு மட்டங்களுக்கு இடையே மாதக்கணக்கில் அலையும் சந்தையில்தான் எண்பது, இருபது விதி ஓரளவு வேலை செய்கிறது.

லேன் முக்கியமாகக் கருதியது வேறொன்று: டைவர்ஜென்ஸ். விலை புதிய உச்சம் தொடுகிறது, ஸ்டாக்காஸ்டிக்கோ தன் முந்தைய உச்சத்தைத் தொடாமல் நிற்கிறது. அதாவது புதிய உச்சத்துக்குப் போன விலை நாள் முடிவில் அங்கே நிலைக்கவில்லை. வேகம் குறைவதற்கு எண்பதைவிட இது நல்ல அடையாளம். ஆனால் இதுவும் நீண்ட ஏற்றத்தில் இரண்டு, மூன்று முறை தோன்றிப் பொய்த்துப்போகும். அதனால் டைவர்ஜென்ஸ் தெரிந்ததும் விற்காமல், ஸ்டாப் லாஸை கடைசி இறக்கத்தின் அடிக்குச் சற்றுக் கீழே உயர்த்தி வைப்பது நடைமுறை. அந்த அடி உடைந்தால் பங்கு தானாக விற்கப்படும். உடையாவிட்டால், திரையில் 95 என்று இருந்தாலும் பங்கு கையில் இருக்கும்.